படமும் ஒரே ஒரு சொல்லும் உள்ள புவிச்சரிதவியல் ஸ்லைட்டை எப்படி விளக்கிச் சொல்வது?

மலையருவி:
எல்லோருக்கும் வணக்கம். நான் கம்பஸில் புவிச்சரிதவியல் படிக்கிறேன். ஊர் தலவாக்கலைப் பக்கம். வருகிற சனிக்கிழமை எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு ஒரு குப்பி வகுப்பு எடுக்க வேண்டும். எனக்குத் தந்த பகுதி வானிலையாலழிதல். விரிவுரையாளரின் ஸ்லைட்களைத்தான் காட்டப் போகிறேன். அவற்றில் விளக்கம் என்று எதுவும் இல்லை. ஒரு படம், அதற்குக் கீழே ஒரு சொல், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீதிக்காக வெட்டிய ஒரு மண் சுவர். மண் செம்மஞ்சள் நிறம். அதற்குள்ளே அங்கங்கே உருண்டையான சாம்பல் நிறக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒரு கல்லின் மேல் சுத்தியல் வைத்திருக்கிறார்கள். இடது பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக இறங்குகிறது. கீழே "கோர்ஸ்டோன்" என்று எழுதியிருக்கிறது.

அறையில் தனியாகப் பேசிப் பார்த்தேன். "இது கோர்ஸ்டோன். பாறை வானிலையால் அழியும்போது நடுவில் மிஞ்சுகிற கல்" என்று சொன்னதும் அந்த ஸ்லைட் முடிந்துவிடுகிறது. அடுத்ததும் அப்படித்தான். இப்படியே போனால் முழு வகுப்பும் சொல் வாசிப்பாகத்தான் இருக்கும். இந்த மாதிரி ஸ்லைட்டில் என்ன பேசுவது, எங்கிருந்து தொடங்குவது?

கொழுந்துக்கூடை:
ஸ்லைட்டில் எழுத்து குறைவு என்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள். படத்தைச் சின்னதாக்கி வலது பக்கம் நான்கு வரி எழுதுங்கள். எழுத்து 24க்குக் கீழே போகக் கூடாது, பின்வரிசைக்குத் தெரியாது. பின்னணி வெள்ளையாக இருக்கட்டும். நான் ட்யூட்டரியில் அப்படித்தான் செய்கிறேன்.

மலையருவி:
நன்றி. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. பரீட்சையில் இதே மாதிரிப் படங்களைச் சொல்லை எடுத்துவிட்டுக் காட்டுவார்கள். பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். நான் படத்தைச் சின்னதாக்கினால் பிள்ளைகள் பார்க்க வேண்டியதே போய்விடும்.

பழைய சுத்தியல்:
மகள், பரீட்சை அப்படி என்றால் நீ கேட்டதற்கு வழி அதிலேயே இருக்கிறது. ஸ்லைட்டில் இருக்கும் சொல் விடை. அந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்பது படத்துக்குள் இருக்கிறது. நீ பேச வேண்டியது அந்த வழியைத்தான்.

நான் மலைநாட்டில் வீதி வேலைகளுக்கும் துளையிடும் வேலைகளுக்கும் பாறை பார்த்தே காலம் தள்ளியவன். இப்போது பண்டாரவளையில் சும்மா இருக்கிறேன். உன் படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது, தாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பது. அது மலைச்சரிவு அல்ல, சரிவை நெட்டாக வெட்டிய முகம். இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் கற்கள் தரையில் கிடக்கின்றன என்று நினைப்பார்கள். அப்புறம் அளவு. சுத்தியல் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம். அதை வைத்துக் கல் எவ்வளவு பெரியது என்று அவர்களையே சொல்ல வை. கை நீளக் கல்லா, லொறி அளவுக் கல்லா என்று தெரியாமல் யாரும் எதையும் விளங்க முடியாது.

அதன் பிறகு அந்தச் சொல் எந்த வகை என்று யோசி. "நைஸ்" என்று ஒரு ஸ்லைட் இருந்தால் அது பாறையின் பெயர். படத்தில் எங்கே விரலை வைத்தாலும் அதுதான். "மடிப்பு" என்று இருந்தால் அது பாறையின் வடிவம், ஒரு கோட்டைப் பின்தொடர்ந்துதான் காட்ட முடியும். "கோர்ஸ்டோன்" இரண்டும் இல்லை. அது ஒரு நிகழ்வில் மிஞ்சியது. நிகழ்வைப் படம் எடுக்க முடியாது. அதனால் கல்லை மட்டும் காட்டி "இதுதான் கோர்ஸ்டோன்" என்றால் ஒன்றும் சொன்னதாகாது. அந்தக் கல்லைச் சுற்றியுள்ள மண்ணைக் காட்ட வேண்டும். அந்த மண்ணும் ஒரு காலத்தில் அதே பாறைதான். அது உக்கிப்போனது, கல் உக்காமல் நிற்கிறது. உன் லேசர் புள்ளி கல்லை விட மண்ணில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

கண்டிச்சீமை:
எனக்கு ஒரு சந்தேகம். உருண்டைக் கல் என்றால் உருண்டு வந்த கல் என்றுதானே படித்தோம்? மகாவலியில் குளிக்கும்போது பார்த்தால் எல்லாக் கல்லும் உருண்டைதான், தண்ணீர் தேய்த்தது. மலைச்சரிவில் என்றால் மேலேயிருந்து உருண்டு வந்து மண்ணுக்குள் புதைந்திருக்கும். அந்தப் படத்தில் உள்ளதும் அப்படி வந்ததாக இருக்கலாம். சொல்லை மறைத்துவிட்டுக் காட்டினால் நான் அப்படித்தான் எழுதுவேன்.

பழைய சுத்தியல்:
தம்பி சொல்வதில் பாதி சரி. மலையிலிருந்து உருண்டு வந்து மண்ணோடு கலந்து கிடக்கும் கற்கள் நம் பக்கம் நிறைய உண்டு. ஆற்றுக் கல் உருண்டை என்பதும் உண்மை. ஆனால் உருண்டையாக இருப்பதால் மட்டும் உருண்டு வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கல் அசையாமல் நின்ற இடத்திலேயே உருண்டையாகும்.

எப்படி என்றால், சார்னொக்கைட் மாதிரிப் பாறையில் மூன்று திசையில் வெடிப்புகள் ஓடும். அவை பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி உள்ளேயிருந்து வேலை செய்யும். பெட்டியின் ஒரு முகத்தை அது ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, மூலையை மூன்று பக்கத்திலிருந்து. அதனால் மூலை முதலில் உக்கும், அடுத்தது விளிம்பு, கடைசியில்தான் முகம். நடுவில் மிஞ்சுவது உருண்டையாகத்தான் இருக்க முடியும். அதைச் சுற்றிக் கல் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். உன் படத்தைப் பெரிதாக்கிப் பார் மகள், சுத்தியல் வைத்த கல்லின் ஓரத்தில் அந்த அடுக்கு தெரிய வேண்டும்.

இதைக் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து சொல். மூலையைச் சோக்கால் தேய்த்துக் காட்டு. ஒரு நிமிடம் போதும், படம் பேசத் தொடங்கிவிடும்.

இனி தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதுதான் இந்த ஸ்லைட்டின் உயிர். நின்ற இடத்தில் உருண்டையான கல்லா, சரிந்து வந்த கல்லா என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருப்பதைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே உக்கிய பாறையில் பழைய பாறையின் அடையாளம் மண்ணில் அப்படியே கிடக்கும். பெல்ஸ்பார் இருந்த இடத்தில் வெள்ளைக் களிப் பொட்டு, கார்னெட் இருந்த இடத்தில் துருப் பொட்டு. கையால் நசுக்கினால் நொறுங்கும், ஆனால் நசுக்கும் வரைக்கும் பாறை மாதிரியே தோன்றும். பழைய வெடிப்புகள்கூடக் கறுப்புக் கோடுகளாக நேராக ஓடும். குவார்ட்ஸ் உக்காது, அதனால் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று இருந்தால் மண்ணைக் கடந்து, கல்லைக் கடந்து, மறுபடி மண்ணுக்குள் ஒரே கோடாகப் போகும்.

சரிந்து வந்த மண்ணில் இது எதுவும் இருக்காது. பாறையில் நிறப் பட்டைகள் இருந்தால் அவை ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். இரண்டு மூன்று வகைப் பாறை கலந்து கிடக்கும். உருண்டையும் கூரும் சேர்ந்தே இருக்கும். கோடு எதுவும் கல்லை விட்டு மண்ணுக்குள் தொடராது.

உன் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு இறங்குகிறது என்றாயே. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து எழுது.

கண்டிச்சீமை:
விளங்கியது. ஆனால் சரிந்து வந்த மண்ணிலும் உருண்டைக் கல் இருக்கும் என்கிறீர்களே, அது எப்படி உருண்டையானது?

பழைய சுத்தியல்:
மேலே எங்கேயோ நின்று உருண்டையானதுதான். சுற்றியிருந்த உக்கல் மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் கல் பிடிப்பிழந்து கீழே வந்திருக்கும். அதனால்தான் கல்லின் வடிவத்தை நம்பாதே என்கிறேன்.

கடலாதெனிய ரீச்சர்:
நான் சித்திரம் படிப்பிக்கிறேன், புவிச்சரிதவியல் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நோய் எங்கள் பாடத்திலும் உண்டு. கலை வரலாற்று ஸ்லைட்டில் ஒரு கட்டடம் இருக்கும், கீழே "கடலாதெனிய" என்று மட்டும் இருக்கும். பிள்ளைகள் பெயரைப் பாடமாக்குவார்கள். மூலையிலிருந்து எடுத்த வேறொரு படத்தைக் காட்டினால் தெரியாது.

நான் ஒரு படத்தைத் தனியாகக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். கடலாதெனியவையும் லங்காதிலகவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இரண்டும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த விகாரைகள், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சின்னப் பயணம்தான். ஒன்று பெரும்பாலும் கருங்கல், தூணும் வாசலும் தென்னிந்தியக் கோயில் சாயல். மற்றது செங்கல்லில் எழுந்து வெள்ளைச் சுண்ணம் பூசிப் பாறை உச்சியில் நிற்கிறது. "ஒரே காலத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். தூணைப் பார்க்கச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே பார்ப்பார்கள். இரண்டு படம் காட்டி ஒப்பிடும் முறையைக் கலை வரலாற்றில் பரப்பியவர் ஹைன்ரிக் வோல்ஃப்லின். அவர் இரண்டு புரொஜெக்டர் வைத்துப் படிப்பித்தவர்.

தங்கச்சி, உங்கள் கோர்ஸ்டோன் படத்துக்குப் பக்கத்தில், ஐயா சொன்ன சரிந்து வந்த கல் படம் ஒன்றை வையுங்கள். சொல்லை இரண்டிலும் மறைத்துவிடுங்கள். பிள்ளைகள் சொல்லிய பிறகு திறங்கள்.

பழைய சுத்தியல்:
இரண்டு படம் என்பது நல்ல யோசனை, அதை நான் சொல்ல மறந்துவிடக் கூடாது. சொல்லை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் முறை பார்க்கிற பிள்ளை படத்தைப் பார்க்காது, விடையைத்தான் ஊகிக்கும். "ஆற்றுக் கல்", "குண்டுக் கல்" என்று பெயர் பெயராக வரும். சொல்லைக் கொடுத்துவிட்டு "இதை எப்படி நம்புவது?" என்று கேட்டால் கண் மண்ணுக்குப் போகும்.

கடலாதெனிய ரீச்சர்:
என் அனுபவம் அப்படி இல்லை ஐயா. சொல் தெரிந்ததும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஊகம் பிழைத்தாலும் பரவாயில்லை, ஏன் அப்படி ஊகித்தாய் என்று கேட்கலாமே. கண்டிச்சீமைத் தம்பியின் ஊகத்தால்தானே இங்கே இவ்வளவு பேச்சும் வந்தது?

லயத்துப்பையன்:
நான் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும். எங்கள் லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு பெரிய உருண்டைக் கல் மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறது என்பார்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு அடைமழை என்றாலே அம்மா தூங்குவதில்லை. மேலே ஐயா சொன்னதை வாசித்தேன். போட்டோ அனுப்பினால் அது நின்ற கல்லா, வந்த கல்லா என்று சொல்ல முடியுமா?

பழைய சுத்தியல்:
தம்பி, போட்டோ பார்த்து ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதே. மேலே பேசியதெல்லாம் வெட்டிய முகம் தெரிகிற இடத்துக்கு. உங்கள் கல்லைச் சுற்றிப் புல்லும் மேல்மண்ணும்தான் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. நின்ற இடத்துக் கல்லாகவே இருந்தாலும், கீழேயுள்ள மண்ணைத் தண்ணீர் அரித்தால் அது வரும். கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்படி கேளுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதுவரைக்கும் கல்லின் மேற்பக்கத்தில் நிலம் வெடிக்கிறதா, மரமோ வேலிக் கம்பமோ புதிதாகச் சாய்கிறதா, இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, தெளிவாக வந்த ஊற்று கலங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்தாலும் மழை விடும் வரை காத்திருக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

கல்லுக்குக் கீழே வீடு பெருப்பிக்கவோ கக்கூசு கட்டவோ சரிவை வெட்ட வேண்டாம். அதைக் கட்டாயம் அம்மாவிடம் சொல்.

லயத்துப்பையன்:
நன்றி ஐயா. நாளைக்கே போகிறேன். மேற்பக்கம் போய்ப் பார்த்ததில்லை, காலையில் மாமாவோடு போய்ப் பார்க்கிறேன்.

மலையருவி:
ஐயா சொன்ன மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போது இன்னும் குழப்பம். சுத்தியல் வைத்த கல்லைச் சுற்றி அடுக்கடுக்கான தோல் தெளிவாகத் தெரிகிறது, வெளி அடுக்கு பழுப்பு, உள்ளே போகப் போகச் சாம்பல். வெள்ளைக் கோடு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு கல்லை ஊடறுத்து மண்ணுக்குள்ளும் போகிறது. அதுவரை சரி. ஆனால் கோடு சுவரின் உச்சி வரை போகவில்லை. மேலேயிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு மேலே மண் கொஞ்சம் கருமையாக இருக்கிறது, கற்கள் சின்னவை, சில கூராகவும் உள்ளன. இன்னொன்று, சுவர் முழுக்கச் சமாந்தரமான கோடுகள் தெரிகின்றன. அது பாறையின் பழைய பட்டையா?

பழைய சுத்தியல்:
சமாந்தரக் கோட்டில் கவனம். வீதி வெட்டியது ஜே.சி.பி. அதன் வாளிப் பல் மண்ணில் ஒரே இடைவெளியில் தடம் போடும், பார்த்தால் நைஸ் பட்டை மாதிரியே இருக்கும். பல் தடம் வாளி போன வளைவில் வளையும், வரி முழுக்க ஒரே நிறமாகப் பள்ளமாக இருக்கும். பழைய பட்டை என்றால் நிறம் மாறி மாறி வரும், வெள்ளைக் களிப் பட்டை, துருப் பட்டை என்று. நீ சொல்வதில் நிற மாற்றம் இல்லை என்றால் அது இயந்திரம்தான். இதையும் வகுப்பில் சொல். பரீட்சைப் படத்தில் பட்டை என்று எழுதி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கோடு பாதியில் தொடங்குவதைப் பார்த்தாயே, அதுதான் பார்க்கத் தெரிந்த கண். கோடு உள்ள கீழ்ப்பகுதி நின்ற இடத்தில் உக்கிய பாறை, அங்கேயுள்ள கற்கள் கோர்ஸ்டோன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேற்பகுதி சரிந்து வந்து மூடிய மண்ணாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த நரம்பு இயல்பாகவே அந்த இடத்தில் முடிந்திருக்கலாம், மேலே மரவேர்களும் மண்புழுவும் மண்ணைப் புரட்டி அடையாளத்தை அழித்திருக்கலாம். சுவரில் மழைச் சேறு வழிந்து காய்ந்திருந்தாலும் கோடு மறையும். கிட்டப் போய்ச் சுத்தியலால் ஒரு சாண் சுரண்டிப் பார்த்தால் சொல்லிவிடலாம், படத்தில் முடியாது.

கண்டிச்சீமை:
அப்படியென்றால் ஒரே படத்தில் கோர்ஸ்டோனும் இருக்கிறது, நான் சொன்ன உருண்டு வந்த கல்லும் இருக்கலாம். அந்த ஒரு சொல் படம் முழுக்கப் பொருந்தாது!

பழைய சுத்தியல்:
ஆமாம். விரிவுரையாளர் சுத்தியல் வைத்த கல்லை மனதில் வைத்து அந்தச் சொல்லைப் போட்டிருப்பார். விரிவுரையில் கையால் காட்டியும் இருப்பார். ஸ்லைட் மட்டும் உங்களிடம் வந்தபோது அந்தக் கை வரவில்லை.

மலையருவி:
எனக்கு இப்போது ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. வெட்டு முகம், சுத்தியல் அளவு, கல்லின் தோல் அடுக்கு, கரும்பலகையில் பெட்டி, பிறகு வெள்ளைக் கோட்டைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர்வது. கோடு நிற்கும் இடத்தில் நானும் நிறுத்திவிட்டு மேலே என்ன என்று கேட்கப் போகிறேன். இந்த ஒரு ஸ்லைட்டுக்கே கால் மணி நேரம் போகும். மற்ற ஸ்லைட்களில் பாதியை விட வேண்டி வரும்.

கொழுந்துக்கூடை:
பாடத்திட்டம் முடிய வேண்டாமா? மேற்பகுதி என்ன என்று உங்களுக்கே தெரியாத போது பிள்ளைகளிடம் அதைக் கேட்டால் குழம்பிப்போவார்கள். கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுங்கள். சொல்லும் படமும் பொருந்தும்.

கடலாதெனிய ரீச்சர்:
வெட்டினால் பரீட்சையில் வெட்டாத படம் வருமே.

பழைய சுத்தியல்:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முழுப் படத்தையும் காட்டு, ஆனால் விடை தெரியாத பகுதி எது என்று நீயே முதலில் சொல்லிவிடு. தெரிந்தது மாதிரி நடிக்காதே. மற்ற ஸ்லைட்களில் எதை விடலாம் என்று கேட்டால், பாறையின் பெயர் மட்டும் உள்ளவற்றை விடு. கல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சார்னொக்கைட்டைப் படத்தில் படிப்பிக்க முடியாது. புதிதாக உடைத்த முகத்தில் அது எண்ணெய் பூசின மாதிரிப் பச்சை கலந்த கருமை, வெளியே பழுப்பு. கமராவில் அந்தப் பச்சை வராது. ஒரு துண்டை உடைத்துக் கொண்டுபோய்ச் சுற்றக் கொடு.

மலையருவி:
சரி ஐயா. தலவாக்கலைக்குப் போகும்போது ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறேன். விரிவுரையாளருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன், படம் எந்த வீதியில் எடுத்தது, சுவரின் உச்சிப் பகுதியை அவர் சுரண்டிப் பார்த்தாரா என்று. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.